இருபக்கப் பேனலுக்குக் கூடுதல் விலை தருவது எப்போது தகும்?

வாசகர் கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 550 வாட் சூரிய மின்பேனல்கள் 18 அமைக்க எண்ணியுள்ளோம். நிழல் விழாத இடம் ஏறத்தாழ 65 சதுர மீட்டர் உள்ளது. இன்னும் ஓரிரு பேனல்களுக்கும் இடம் இருக்கும். தளத்துக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு அடித்திருக்கிறோம். பேனல்களைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைப்பதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார். முன்பக்கத்தோடு பின்பக்கத்திலும் ஒளியை வாங்கி மின்சாரம் தரும் இருபக்கப் பேனல் வாங்கினால் 25% கூடுதல் மின்சாரம் வரும் என்றும், பேனல் விலை 12% மட்டுமே அதிகம் என்றும் அவர் கூறுகிறார். வீட்டுக்குப் பின்னால் காய்ந்த புல் தரையாக 105 சதுர மீட்டர் காலி இடமும் உண்டு. மாடியில் இருபக்கப் பேனல் போடலாமா, அல்லது தரையில் போட்டால்தான் பயன் கிடைக்குமா?

ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அளவுகளைக் குறிப்பிட்டு எழுதியிருப்பதால் பொதுவாகப் பேசாமல் உங்கள் மாடிக்கே கணக்கிட்டுச் சொல்ல முடிகிறது. 12% கூடுதல் விலையில் உங்கள் மாடிக்கு இருபக்கப் பேனல் தகாது. அதே விலையில் பின்புறத் தரைக்கு அது ஏறத்தாழத் தகும். வெள்ளைத் தளத்தை விட்டுவிட்டுப் புல்தரையைச் சொல்கிறேனே என்று உங்களுக்குத் தோன்றக்கூடும் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பேனலின் பின்பக்கத்துக்கு வரும் ஒளியில் பெரும்பகுதி, முதலில் தரையில் விழுந்து அங்கிருந்து எதிரொளித்து மேலேறி வருவதாகும். தளம் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், அதன்மேல் வெயில் விழுந்தால்தானே அது எதிரொளிக்க முடியும்? பேனல்கள் மூடியிருக்கும் இடம் நிழலில்தான் இருக்கிறது. ஆகவே பின்பக்கத்துக்கு உணவிடுவது, வரிசைகளுக்கு இடையிலும் ஓரங்களிலும் வெயில் விழும் திறந்த தரையே. தளத்தின் வெண்மையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். திறந்த தரையின் அளவைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் கணக்கில் இரண்டுக்கும் சம எடை உண்டு, ஏனென்றால் அவை ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன.

பேனல்கள் 20 பாகைக்குக் குறைவான சாய்வில் இருக்கும் அமைப்புகளுக்கு நான் முதல் மதிப்பீட்டாகப் பயன்படுத்தும் வழி இது. மொத்த இடத்தில் பேனல் மூடாத பங்கை எடுத்து, அதைத் தரையின் எதிரொளிப்பு விகிதத்தால் பெருக்க வேண்டும். கிடைப்பது, முன்பக்க ஒளியோடு ஒப்பிடும்போது பின்பக்கத்துக்கு வரக்கூடிய ஒளியின் உச்சமான பங்கு. பின்பக்கம் முன்பக்கம் அளவுக்குத் திறமையாக வேலை செய்வதில்லை என்பதால், பேனலின் தகவல் தாளில் இருக்கும் இருபக்க விகிதத்தால் அதை மறுபடியும் பெருக்க வேண்டும். மின்கலத் தொழில்நுட்பத்தைப் பொறுத்து இது மாறும்: பெர்க் வகைப் பேனல்களில் இந்த விகிதம் ஏறத்தாழ 70%, டாப்கான் வகையில் 80%, ஹெட்டரோஜங்ஷன் வகையில் 85 முதல் 95% வரை இருக்கும். அதன்பின் இரண்டு கழிவுகள் உண்டு. பேனல் தாழ்வாக இருந்தால் அதன் பின்பக்கம் தனக்கு நேர் கீழே உள்ள நிழலையே பெரிதும் பார்க்கிறது. இடைவெளியில் எதிரொளித்த ஒளியோ பெரும்பாலும் பேனலைத் தொடாமல் மேலே போய்விடுகிறது. ஓரடி உயரத்துக்கு உச்ச மதிப்பில் 60 சதவீதத்தையும், ஒரு மீட்டர் உயரத்துக்கு 85 சதவீதத்தையும் நான் எடுத்துக்கொள்கிறேன். தாங்கிச் சட்டங்களின் நிழலுக்கும், பின்பக்க ஒளி ஒரே சீராக இல்லாததால் ஏற்படும் இழப்புக்கும் சேர்த்து இன்னும் 10% கழிக்கிறேன். இது துல்லியமான உருவகக் கணக்குக்கு மாற்று ஆகாது. ஆனால் 7 சதவீதத்தையும் 25 சதவீதத்தையும் பிரித்துக் காட்ட இது போதும்.

இப்போது உங்கள் மாடிக்கு வருவோம். இந்த அளவுப் பேனல் ஒன்று ஏறத்தாழ 2.58 சதுர மீட்டர். 18 பேனல்கள் சேர்ந்து 46.5 சதுர மீட்டரை மூடும். 65 சதுர மீட்டரில் திறந்திருப்பது 28% மட்டுமே. வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது எதிரொளிப்பு விகிதம் 0.7-க்கு மேலும் இருக்கலாம். தூசி படிந்தபின் நிற்கும் மதிப்பாக 0.6 என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டையும் பெருக்கினால் 17%. டாப்கான் பேனலின் 80 சதவீதத்தால் பெருக்கினால் 13.6%. ஓரடி உயரத்துக்கான கழிவைச் சேர்த்தால் 8%. சட்ட நிழலையும் கழித்தால் 7 சதவீதத்துக்குச் சற்று மேல். ஓரிரு ஆண்டுகள் கழுவாமல் விட்டு எதிரொளிப்பு 0.45-க்கு இறங்கினால் ஆதாயம் 5.5% ஆகிவிடும். ஆகவே நீண்ட காலச் சராசரியாக 6% என்று கொள்வதே நேர்மையான எண்.

பின்புறத் தரைக்கு இதே கணக்கைச் செய்து பாருங்கள். காய்ந்த புல்லின் எதிரொளிப்பு 0.2 அளவுதான், அதாவது உங்கள் மாடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் 105 சதுர மீட்டரில் அதே 18 பேனல்களை இடைவெளி விட்டுப் பரப்பினால், 55% தரை திறந்திருக்கும். பெருக்கினால் 11%, பேனலின் 80 சதவீதத்தால் 8.8%, கீழ் விளிம்பை ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் 7.5%; சட்ட நிழல் போக ஏறத்தாழ 6.7%. வெண்மையில் மூன்று மடங்கு பின்தங்கிய தரை, திறந்த இடத்தாலும் உயரத்தாலும் மாடியை எட்டிப் பிடித்துவிடுகிறது. சரிவான கூரையோடு ஒட்டிப் பொருத்தப்படும் பேனல்களுக்குத் திறந்த பங்கு ஏறத்தாழப் பூஜ்யம் என்பதால், அங்கே ஓடு வெள்ளையாக இருந்தாலும் பின்பக்க ஆதாயம் பெயரளவில்தான் இருக்கும். கிழக்கும் மேற்கும் பார்த்துக் கூடாரம் போல நெருக்கமாக அமைக்கும் வரிசைகளுக்கும் இதே நிலைதான்.

அப்படியானால் 25% எங்கிருந்து வந்தது? இருபக்கப் பேனல்களின் தகவல் தாளில், பின்பக்க ஆதாயம் 5%, 10%, 15% என்று தொடங்கிச் சிலவற்றில் 25% வரை இருந்தால் பேனலின் திறன் என்னவாகும் என்று ஒரு அட்டவணை அச்சிடப்பட்டிருக்கும். அது ‘இவ்வளவு ஒளி வந்தால் இவ்வளவு வாட்’ என்று சொல்கிறதே தவிர, உங்கள் இடத்தில் அவ்வளவு ஒளி வரும் என்று சொல்லவில்லை. சில நேரம் வெள்ளை விரிப்பின்மேல் ஒற்றைப் பேனலை உயரமாக நிறுத்தி உங்களைப் போன்ற வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவார்கள். அங்கே வரும் 20 அல்லது 25% உண்மையான அளவீடே. ஆனால் அந்தப் பேனலைச் சுற்றி நிழல் தரும் பக்கத்துப் பேனல்களோ முன்பின் வரிசைகளோ இல்லை. ஒற்றைப் பேனலின் எண்ணைப் பதினெட்டுப் பேனல்களின் நடுவில் எதிர்பார்க்கக் கூடாது.

விலைப்பட்டியலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இருபக்கப் பேனல்களுக்கு இரண்டு வகைத் திறன் எண்கள் உண்டு. ஒன்று, முன்பக்கத்தில் மட்டும் சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது அளந்தது. மற்றொன்று, அதோடு பின்பக்கத்தில் 135 வாட் ஒளியும் விழும்போது அளந்தது. தாளில் அது பிஎன்பிஐ என்று குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது எண்ணை வைத்து ‘இத்தனை கிலோவாட்’ என்று சொல்லிவிட்டு, அதன்மேல் பின்பக்க ஆதாயத்தையும் தனியாகக் கூட்டினால், ஒரே மின்சாரம் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். ஒருபக்கப் பேனலோடு விலையை ஒப்பிடும்போது முன்பக்கத் திறனின் ஒரு வாட்டுக்கு என்ன விலை என்றே கேளுங்கள்.

விலை தகுமா என்பதைத் தீர்மானிப்பதில் பலர் தவறான கேள்வியோடு தொடங்குகிறார்கள். ‘கூடுதல் பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்’ என்று பார்ப்பதற்கு முன்னால், ‘அதே கூடுதல் மின்சாரத்தை வேறு வழியில் இதைவிட மலிவாகப் பெறலாமா’ என்று பார்க்க வேண்டும். உங்களிடம் இன்னொரு பேனலுக்கு இடம் இருக்கிறது. அந்தப் பத்தொன்பதாவது சாதாரணப் பேனல்தான் இருபக்கப் பேனலின் உண்மையான போட்டியாளர்.

ஒருபக்கப் பேனல்களோடு மாடி அமைப்பின் மொத்தச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் பேனல்களுக்கு 40 பங்கு என்று எடுக்கிறேன். உங்கள் விலைப்பட்டியலில் இந்த எண் மாறுபட்டால் அதைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். ஒரு பேனல் 2.2 பங்கு, அதற்கான தாங்கி, கம்பி, வேலைக்கூலி 0.8 பங்கு. ஆக 3 பங்குச் செலவில் பத்தொன்பதாவது பேனல் 5.5% கூடுதல் மின்சாரம் தருகிறது, அதுவும் பூச்சு அழுக்கானாலும் குறையாமல். இருபக்கப் பேனலுக்கு மாறினால் 40 பங்கில் 12%, அதாவது 4.8 பங்கு கூடுகிறது. இரட்டைக் கண்ணாடிப் பேனல் ஒவ்வொன்றும் 32 கிலோ அளவில், ஒற்றைக் கண்ணாடிப் பேனலைவிட மூன்று நான்கு கிலோ கூடுதலாக இருப்பதால், தாங்கிக்கும் ஏற்றுகூலிக்கும் அரைப் பங்கு சேர்க்கலாம். ஆக 5.3 பங்கு கொடுத்து 6% பெறுகிறீர்கள். மூன்று பங்கில் ஏறத்தாழ அதே அளவு கிடைக்கும்போது இது தகாது. ஒப்பந்தக்காரர் விலை வேறுபாட்டை 7 சதவீதத்துக்குள் கொண்டுவந்தால் இரண்டும் சமமாகும். 4 சதவீதத்துக்கு வந்தால் தயங்காமல் இருபக்கப் பேனலையே வாங்குங்கள். இன்று பெரிய அளவுப் பேனல்களில் இருபக்க வகையே பல உற்பத்தியாளர்களின் வழக்கமான பொருளாகி வருவதால், விலை வேறுபாடு மிகச் சிறியதாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே இன்னும் இரண்டு இடங்களில் விலை கேட்டுப் பார்ப்பது வீண் போகாது.

தரையில் இந்தக் கணக்கு வேறாக முடிகிறது. அங்கே ஒவ்வொரு கூடுதல் பேனலுக்கும் அடித்தளக் குழி, கான்கிரீட், தூண், நீண்ட கம்பி எல்லாம் வேண்டும். அவற்றுக்கு 0.8 பங்குக்குப் பதிலாக 1.8 பங்கு ஆகும் என்றால், பத்தொன்பதாவது பேனலின் செலவு 4 பங்காகிறது. அதே விகிதத்தில் 6.7% ஆதாயத்துக்கு ஏறத்தாழ 4.9 பங்கு வரை கொடுக்கலாம். எடைக்கான சிறு தொகையைக் கழித்தால் பேனல் விலையில் ஏறத்தாழ 11 சதவீதம் வரை தகும். பேனலைத் தவிர்த்த செலவு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு இருபக்கப் பேனல் வெல்கிறது, ஏனென்றால் அது கூடுதல் தூணும் குழியும் கேட்பதில்லை. ஆனால் மாடியில் போதிய இடம் இருக்கும்போது இந்த ஒரு காரணத்துக்காகத் தரைக்கு இறங்க வேண்டாம். இரண்டு இடங்களிலும் ஆதாயம் ஏறத்தாழ ஒன்றே. அடித்தளச் செலவும் நீண்ட கம்பிச் செலவும் தனி.

மாடித் தாங்கியை ஒரு மீட்டருக்கு உயர்த்தினால் ஆதாயம் 6 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகும். அந்த 2.5 சதவீதத்துக்கு 1.3 பங்குக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று மேலே உள்ள கணக்கே சொல்கிறது. காற்றழுத்தத்தைத் தாங்கத் தூண்களையும் பிடிமானத்தையும் பலப்படுத்த வேண்டியிருப்பதால் இந்த எல்லைக்குள் பெரும்பாலும் அடங்காது. பேனல்களுக்குக் கீழே நடமாடும் இடம் வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தால் மட்டும் அந்த உயரத்தின் பயனைக் கணக்கில் சேர்க்கலாம். அப்போதும் கீழே பழைய சாமான்களை அடுக்கினால் எதிரொளிப்பு போய்விடும்.

எண்களை என் சொல்லை நம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிரொளிப்பு விகிதத்தை நீங்களே அளக்கலாம். கையளவுச் சூரிய மின்கலத் தகடு ஒன்றையும், நேர்மின்னோட்டத்தை மில்லி ஆம்பியரில் அளக்கும் மல்ட்டிமீட்டர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேகமில்லாத நாளில் நண்பகல் நேரத்தில், மாடியின் திறந்த நடுப்பகுதியில், தகட்டை ஒரு நீண்ட கழியில் கட்டி இடுப்புயரத்தில் மட்டமாகப் பிடியுங்கள். முகம் மேல்நோக்கி இருக்கும்போது இரு முனைகளையும் மீட்டரோடு நேரடியாக இணைத்து மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டு, உடனே தகட்டைக் கவிழ்த்து மறுபடியும் குறியுங்கள். உங்கள் நிழல் தகட்டுக்குக் கீழே விழக்கூடாது, அதற்காகத்தான் கழி. மேலே 400, கீழே 230 என்று வந்தால் விகிதம் 0.57. தரையிலும் இதேபோல அளந்துபாருங்கள். மாடியில் கழுவுவதற்கு முன் ஒருமுறை, கழுவியபின் ஒருமுறை அளந்தால், தூசி எவ்வளவைத் தின்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இருபக்கப் பேனல் என்று முடிவானால், பொருத்தும் நாளில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். தாங்கிச் சட்டங்கள் மின்கலங்களின் முதுகைக் கடந்து போகாமல், பேனலின் விளிம்போடும் நடுவில் கலங்கள் இல்லாத கோட்டோடும் போகுமாறு அமைக்கச் சொல்லுங்கள். சட்டம் கண்ணாடிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தமாக அதன் நிழல் விழும். இரட்டைக் கண்ணாடிப் பேனல்களில் ஒவ்வொரு கண்ணாடியும் பெரும்பாலும் 2 மி.மீ. தடிமன்தான், கவ்விகளை உற்பத்தியாளர் குறித்த இடத்தில், குறித்த முறுக்குவிசைக்கு மேல் போகாமல் இறுக்க வேண்டும். அளவுகோல் உள்ள முறுக்குச் சாவி இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கப்பட்ட ஓர் அமைப்பில், சில மாதங்களில் கவ்விக்கு அருகிலிருந்து விரிசல் ஓடியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூன்றாவது இன்வெர்ட்டர். பின்பக்க ஒளி மின்னழுத்தத்தைப் பெரிதாக மாற்றாது, மின்னோட்டத்தைத்தான் கூட்டும். 550 வாட் பேனல் முழுத் திறனில் இயங்கும்போது மின்னோட்டம் 13 ஆம்பியர் அளவில் இருக்கும். 10% கூடினால் 14.3 ஆம்பியர். இன்வெர்ட்டரின் உள்ளீடு ஒவ்வொன்றும் தாங்கும் மின்னோட்டம் இதற்குக் குறைவாக இருந்தால், பணம் கொடுத்து வாங்கிய ஆதாயம் நண்பகலில் அங்கேயே வெட்டப்பட்டுவிடும். 9.9 கிலோவாட் பேனல்களுக்கு 8 கிலோவாட் இன்வெர்ட்டர் வைத்தாலும் அப்படித்தான். உற்பத்தி வரைபடம் உச்சியில் மேசைபோலத் தட்டையாக இருந்தால் இதைக் கண்டுகொள்ளலாம்.

வெள்ளைப் பூச்சை எங்கே புதுப்பிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேனல்களுக்கு நேர் கீழே எப்போதும் நிழலில் இருக்கும் பட்டைக்குப் பூசுவது வீண் செலவு. வரிசைகளுக்கு இடையே வெயில் நகர்ந்துபோகும் பட்டைக்கும், அமைப்பைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்கும் பூசினால் போதும். தரையில் வெண்சரளை பரப்ப நினைத்தாலும் இதே பட்டைகளில்தான் பரப்ப வேண்டும். சரளை எதிரொளிப்பை 0.2-லிருந்து 0.35-க்கு உயர்த்தினால் ஆதாயம் 6.7 சதவீதத்திலிருந்து 11 சதவீதத்துக்கு மேல் போகும். ஆனால் சரளைக்குள் புல் முளைத்துவிட்டால் ஓர் ஆண்டிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதால், அடியில் களைத்தடுப்பு விரிப்பு போடாமல் அதைத் தொடங்க வேண்டாம்.

வாங்கியபின் சரிபார்க்கவும் வழி உண்டு. மேகமில்லாத நண்பகலில் இன்வெர்ட்டர் திரையில் ஒரு ஸ்டிரிங்கின், அதாவது தொடராக இணைத்த ஒரு பேனல் தொகுதியின், மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டு, அந்த ஸ்டிரிங்கில் உள்ள எல்லாப் பேனல்களின் பின்பக்கத்தையும் கறுப்புத் துணியால் மறைத்துப் பத்து நிமிடத்துக்குள் மறுபடியும் குறியுங்கள். மூடாத மற்றொரு ஸ்டிரிங் இருந்தால் அதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால் வெயிலின் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். ஒரே ஒரு பேனலை மட்டும் மூடிப் பார்ப்பதில் பொருள் இல்லை, தொடர் இணைப்பில் அதன் விளைவு தெளிவாகப் பிரிந்து தெரியாது. வேறுபாடு 6 அல்லது 7% இருந்தால் அமைப்பு கணக்கின்படி நடக்கிறது. 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முதலில் தளத்தைக் கழுவி மறுபடியும் அளந்துபாருங்கள். அப்போதும் ஏறவில்லையென்றால் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்று கீழே குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.